குடியானவன் கருத்தை எழுதும் முறை

சரித்திர வினாத்தாள்களில், "இன்ன மாறுதலை அக்காலத்துக் குடியானவன் ஒருவன் எவ்வாறு கருதியிருப்பான்?" என்னும் வினா அடிக்கடி காணப்படுகின்றது. ஆண்டுகளையும் சட்டப் பிரிவுகளையும் நெட்டுருச் செய்யாதோரும் இதற்கு எளிதில் விடை எழுதிவிடலாமென்று மாணவருட் பலர் எண்ணுகின்றனர். அதன் பயனாக, "நான் ஏழை இவான், அச்செய்தி கேட்டு என் கண்களில் நீர் பெருகிற்று" என்று தொடங்கும் சிறு கதைகள் பல பிறக்கின்றன. கதை நன்றாகவே இருக்கலாம். ஆனால் இவான் என்னும் பெயரை நீக்கி, பிரெஞ்சு தேசத்தான் ஒருவன் பெயரை அவ்விடத்திலிட்டுப் பாருங்கள். ஒரு வாக்கியமும் மாறவேண்டியதில்லையெனின், அஃது எந்தக் குடியானவனைப் பற்றிய விடையும் அன்று.

ருஷிய தேசத்துப் பண்ணையடிமைகள் 1861-ஆம் ஆண்டு விடுதலை பெற்ற செய்தியையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். இரண்டாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி, பழைய ருஷியப் பஞ்சாங்கப்படி அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்திற் கையொப்பமிட்டார். அதனால் பிரபுக்களின் அடிமைகள் தம் உடலளவில் விடுதலை பெற்றனர். இனி அவர்களை விற்றல் இயலாது; பிரபுவின் அனுமதியின்றி அவர்கள் மணம் புரியலாம்; வழக்குத் தொடுக்கலாம்; சொத்து வாங்கலாம். ஆனால் நிலத்தின் காரியம் வேறு. முதல் இரண்டாண்டுகள் பழைய ஊழியமும் கட்டணமும் பெரும்பாலும் முன்போலவே நடைபெற வேண்டும். பின்னர்க் குடியானவர் பெறும் நிலத்திற்கு விலை கொடுத்தாக வேண்டும். அவ்விலை கணக்கிடப்பட்ட வகையை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். ஒருவன் பிரபுவுக்கு ஆண்டொன்றுக்கு 9 ரூபிள் கட்டணம் செலுத்தி வந்தானென்று கொள்வோம். நூற்றுக்கு ஆறு வட்டியில் 9 ரூபிள் தரும் முதல் 150 ரூபிள். அதுவே நிலத்தின் விலை. முழுப் பங்கு நிலம் பெறுவோர்க்காக, அதில் ஐந்தில் நான்கு பங்காகிய 120 ரூபிளை அரசாங்கம் பிரபுவுக்குக் கொடுத்துவிடும். குடியானவன் அக்கடனுக்காக ஆண்டுதோறும் 7 ரூபிள் 20 கோபெக் வீதம் 49 ஆண்டுகள் செலுத்த வேண்டும்.

இக்கணக்கைக் கற்ற மாணவன் உடனே இவான் வாயில் இதனை ஏற்றிவிடுகின்றான். "என் பேரன் காலம்வரை இக்கடன் தீராது, 1905-ஆம் ஆண்டிலேனும் கலகம் விளையும்" என்றுகூட இவான் பேசத் தொடங்குகின்றான்! பிந்திய சரித்திரத்தை அறிந்தவர் நாம், அவனல்லன். ஆகலின் அவன் எதனை, எவ்வழியாக அறிந்தான் என்பதையே முதற்கண் உசாவ வேண்டும். பிரகடனத்தைத் தேவாலயங்களில் குருமார் வாசித்தனர். பேராயர் பிலாரெத்து எழுதிய அதன் நடை, கற்றோர்க்கே கடினமான உயர்நடை. சட்டங்களோ தடித்த புத்தகமாக அச்சாயின. கிராமத்தார் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் அவன் கேட்டது "விடுதலை" என்ற ஒரு சொல்லும், அதனைத் தொடர்ந்து விளங்காத பல சொற்களுமேயாம்.

அங்ஙனமாயின், தன் கையால் ஒன்றும் எழுதிவையாத ஒருவன் மனத்தை நாம் அறிவது எவ்வாறு? அவன் செய்த செயல்களைக்கொண்டே பெரும்பாலும் அறிய வேண்டும். மூன்று சான்றுகளைக் காட்டுவோம். விடுதலைக்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே, யாகுஷ்கின் என்னும் பிரபு, நிலமின்றித் தம் அடிமைகளை விடுவிக்க முன்வந்தார். அவர்கள் அதனை மறுத்து, தாங்கள் அவருக்கு உரியவரேனும் நிலம் தங்களுக்கே உரியதென்று விடை கூறினர். இரண்டாவது, 1861-ஆம் ஆண்டிற்குப்பின் ஒவ்வொரு பண்ணைக்கும் நிலத்தின் அளவையும் கட்டணத்தையும் வரையறுத்து ஒரு பத்திரம் எழுதப்பட்டது. அப்பத்திரங்கள் பலவற்றிற் கையொப்பமிடக் குடியானவர் மறுத்துவிட்டனர். இரண்டாண்டு கழிந்தபின் மெய்யான விடுதலை வருமென்றும், இப்பொழுது கையொப்பமிட்டால் அதனை இழக்க நேருமென்றும் ஒரு வதந்தி பரவியிருந்தது. மூன்றாவது, கஸான் மாகாணத்துப் பெஸ்த்னா என்னும் கிராமத்து நிகழ்ச்சி. அங்கே ஓரளவு எழுத்தறிந்த அந்தோன் பெத்ரோவ் என்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, அதிற் கண்ட சதவீதக் குறியொன்றை மெய்யான விடுதலைக்கு இட்ட முத்திரையென்று பொருள் கூறினான். ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். ஏப்ரல் மாதத்திற் படைவீரர் சுட்டதில் பலர் மாண்டனர். பெத்ரோவும் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இச்சான்றுகளை யார் எழுதிவைத்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். யாகுஷ்கின் செய்தியைக் கூறுபவர் அவரே. பெஸ்த்னாச் செய்தியைப் பெரும்பாலும் உத்தியோகஸ்தர் அறிக்கைகளால் அறிகின்றோம். "சக்கரவர்த்தி நமக்கு நிலத்தைக் கொடுத்தார்; பிரபுக்கள் அதனை மறைத்தனர்" என்று குடியானவர் கூறியதாக இவ்வறிக்கைகளிற் பல இடங்களிற் காண்கின்றோம். அதனை அவர்கள் உண்மையாகவே நம்பினர் என்று எளிதில் முடிவு செய்யலாம். ஆனால் டேனியல் பீல்ட் என்னும் சரித்திராசிரியர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், துப்பாக்கிக்குமுன் நிற்பவனுக்குச் சக்கரவர்த்தியின் பெயர் ஒரு கேடயமாகவும் உதவியிருக்கலாமென்று காட்டினார். நமக்கும் இது பொருத்தமாகவே தோன்றுகின்றது. அதிகாரிக்குக் கூறிய மொழி வேறு, அடுப்பங்கரையிற் பேசிய மொழி வேறாக இருந்திருக்கலாம். பின்னதைக் குறித்துவைத்தவர் அரியர்.

இனி, கருமண் மாகாணமொன்றில் வயலூழியம் செய்துவந்த குடியானவனைக் குறித்து, 1861-ஆம் ஆண்டு கோடைகாலத்தை எல்லையாகக் கொண்டு ஒரு விடை எழுதிப் பார்ப்போம்:

"இவன் அறிவிப்பை முதலிற் கேட்டபொழுது மகிழ்ந்திருத்தல் கூடும், தன் மக்களை இனி எவரும் விற்க இயலாதென்பது சிறிய காரியமன்று. ஆனால் ஊழியம் நிற்கவில்லை. பிரபுவின் வயலிற் பழையபடி உழவேண்டியிருந்தமையால், வாசிக்கப்பட்டது மெய்யான விடுதலைதானோ என்று பெரும்பாலும் ஐயுற்றிருப்பான். கையொப்பமிட மறுத்த கிராமங்கள் பலவாதல் இதற்குச் சான்று. உழுதவனுக்கே நிலம் உரியதென்னும் எண்ணம் முன்னரே வேரூன்றியிருந்தமையின், அதற்கு விலை கேட்டது அநீதியாகவே தோன்றியிருக்கும். சக்கரவர்த்தியிடம் குறை கண்டானோ என்பதைத் துணிந்து கூற இயலாது. அவரைக் குறைகூறும் மொழிகள் அறிக்கைகளில் அரிதேயெனினும், அச்சமும் அதற்குக் காரணமாகலாம்."

இவ்விடையில் "கூடும்", "பெரும்பாலும்", "துணிந்து கூற இயலாது" என்னும் சொற்கள் அலங்காரத்திற்காக இடப்பட்டவையல்ல. சான்று வலுத்த இடத்திற் சொல்லும் வலுக்கின்றது. மெலிந்த இடத்தில் மெலிகின்றது. எல்லா வாக்கியத்திலும் "கூடும்" என்று எழுதுபவன், ஒன்றிலும் எழுதாதவனைப்போலவே தன் சான்றுகளை நிறுத்துப் பார்க்கவில்லையென்பது பரீட்சகருக்கு விளங்கிவிடும்.

மேலும், "குடியானவன்" என்று வினாவில் ஒருமையிற் கேட்டதனால், அவர்கள் யாவரும் ஒரே மனத்தினர் ஆகிவிடார். கருமண் நாட்டிற் பழைய நிலத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கோ சற்று அதிகமோ பிரபுக்களால் வெட்டிக்கொள்ளப்பட்டது. அங்குள்ளவன் மனம் தான் இழந்த புல்தரையிலேயே நின்றிருக்கும். மண் வளமற்ற வடபாகத்தில், கூலிக்கும் வியாபாரத்திற்கும் வெளியூர் சென்று கட்டணம் செலுத்தி வந்தவனுக்கோ, விளைவற்ற நிலத்தை மிகுந்த விலைக்கு ஏற்கும்படி கட்டாயப்படுத்தியதே குறையாயிற்று. பிரபுவின் மாளிகையிற் சமையலும் குதிரைப் பணியும் செய்துவந்த வீட்டடிமைக்கு நிலமே கிடைக்கவில்லை. இரண்டாண்டு முடிவில் தன் உடலொன்றே உடைமையாக வாயிலிற் போய் நிற்கவேண்டிய அவனைப்பற்றி எழுதுவோன், மேற்கண்ட விடையில் நிலத்தைக் குறித்த வாக்கியங்களையெல்லாம் அடித்துவிட்டு, 1863-ஆம் ஆண்டில் அவன் உணவுக்கு எங்கே செல்வான் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.