சிறிய காயம், பெரிய வலி

காலில் சிறு காயம் பட்டு, அதைச் சுற்றிச் சிவந்து வீங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் அது தோலில் மட்டும் ஏற்பட்ட தொற்றுத்தான். மருந்து எடுத்தால் குணமாகிவிடும். ஆனால் தோலில் தெரிவது சிறிதாகவும் வலி தாங்க முடியாததாகவும் இருந்தால், தொற்று ஆழத்தில் பரவுகிறதா என்று உடனே சந்தேகிக்க வேண்டும். அந்த ஆபத்தான நோயை வைத்தியர்கள் 'நெக்ரோடைசிங் பேசியைட்டிஸ்' என்பர்.

நமது தசைகளை மெல்லிய உறையொன்று போர்த்தியிருக்கிறது. சிலவகைப் பற்றீரியாக்கள் அதை அடைந்தால் அதன் வழியே வெகு விரைவாகப் பரவும். வேர் மண்ணுக்கடியில் ஓடுவதுபோல, மேலே தோலில் அதிகம் தெரியாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதைவிட வலி பெரிதாக இருக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நீரிழிவுள்ள ஒருவரின் காலில் முள் குத்துகிறது. மறுநாள் காலை சிறு சிவப்பும் காய்ச்சலும் இருக்கின்றன. ஆனால் காலைத் தொடவே விடமாட்டார். மாலைக்குள் வீக்கம் முழங்காலை நெருங்குகிறது. இரவில் தோல் கருநீலமாகிக் கொப்புளங்கள் எழுகின்றன. விடியும்போது அவர், "இப்ப வலி குறைஞ்சிட்டுது" என்கிறார். வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள்.

உண்மையில் இதுவே மிக மோசமான அறிகுறி. தோலுக்குச் செல்லும் குருதிக்கலன்கள் அடைபட்டதால் தோல் நிறம் மாறியது. அங்குள்ள நரம்புகளும் இறந்ததால் வலி குறைந்தது. நோய் குறையவில்லை.

மருந்து மட்டும் ஏன் போதாது? மருந்தைக் குருதிதான் எடுத்துச் செல்கிறது. குருதி ஓடாத இழையத்துக்கு மருந்தும் போய்ச் சேராது. ஆகவே மருந்தேற்றுவதோடு, இறந்த இழையத்தைச் சத்திரசிகிச்சை மூலம் விரைவாக வெட்டி அகற்றுவார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் அகற்ற வேண்டிய பகுதி பெருகும். நஞ்சு உடலெங்கும் பரவி உயிரும் போகலாம். நீரிழிவுள்ளோருக்கு ஆபத்து கூட. எனினும் நல்ல ஆரோக்கியமுள்ளவருக்கும் இது வரலாம்.

நம்மில் பலரின் மாநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. எனவே வலி, சூடு, இறுக்கமான வீக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனையால் வரைந்து நேரத்தையும் எழுதலாம். அது வைத்தியருக்கு உதவும். ஆனால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. எண்ணெய் பூசித் தேய்க்கவோ கொப்புளத்தை உடைக்கவோ வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியுலன்ஸைப் பெறலாம். வைத்தியசாலையில் முதலில் சொல்ல வேண்டியவை மூன்று: வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் பரவியது, நோயாளிக்கு நீரிழிவு உண்டா என்பன.