படகைக் காட்டினால் பிள்ளை 'போட்டு' என்கிறது

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். அங்கிருந்து ஏரிப் பக்கம் போனால் மீனவர் குப்பங்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அரும்பு என்றால் எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு போனில் ஒரு வினாடி வினா செய்வதாக வைத்துக்கொள்வோம். குரல் கேள்வி கேட்கும், மூன்று படங்கள் வரும், பிள்ளை ஒன்றைத் தொடும். அரை நாள் வேலை என்று தோன்றும். அந்த நினைப்பிலிருந்துதான் கோளாறெல்லாம் ஆரம்பிக்கிறது.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்: "ப என்ற ஒலியில் தொடங்கும் பெயர் எது?" படங்கள்: படகு, வலை, நண்டு.

நம்பிக்கை: படம் என்றால் யாருக்கும் புரியும்.

ஏரிக்கரைப் பிள்ளைக்குப் படகு தெரியாமலா போகும்? நன்றாகவே தெரியும். ஆனால் வீட்டில் அதைப் 'போட்டு' என்பார்கள், 'ஃபைபர்' என்பார்கள். படத்தைப் பார்த்ததும் பிள்ளையின் மனதில் எழுகிற பெயர் 'போட்டு'. அதில் 'ப' எங்கே? பிள்ளை குழம்பி நண்டைத் தொடுகிறது. திரை 'தவறு' என்கிறது. பிள்ளை ஒலியைச் சரியாகத்தான் பிரித்துப் பார்த்தது. கேள்வி செய்தவர்தான் தன் பெயரைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டார்.

சரி, வேறு படம் வைக்கலாம் என்றால் அதுவும் லேசில்லை. பழம் வைத்தால் 'வாழப்பழம்' என்னும். பசு வைத்தால் 'மாடு'. பறவை வைத்தால், பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளை 'கொக்கு' என்னும், நீங்கள் வரைந்தது பூநாரையாகவே இருந்தாலும். கடைசியில் தேறுவது பல்லும் பந்தும்தான். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை என்றால் இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

அதனால் கேள்வி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்தையும் தனியாக ஐந்து பிள்ளைகளிடம் காட்டி, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நாலு பேராவது ஒரே பெயரைச் சொன்னால் படம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தூக்கி வையுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. முதல் தொடுதலில் படம் தன் பெயரைச் சொல்லட்டும், இரண்டாவது தொடுதல் விடையாகட்டும். ஒலியைச் சோதிக்கிற கேள்விக்கு இதுதான் பொருத்தம். சொல் தெரியுமா என்று சோதிக்கிற கேள்வியில் இதைச் செய்தால் விடையை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

படத்தைப் படிப்பதும் பழகி வருகிற ஒன்றுதான். 1960-இல் வில்லியம் ஹட்சன் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவில் ஒரு கோட்டோவியத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார். ஈட்டியோடு வேடன், பக்கத்தில் மான், தூரத்துக் குன்றில் சின்னதாக யானை. படம் பார்த்துப் பழகாத பலர், வேடன் குறிவைப்பது யானையை என்றார்கள். அந்தப் படங்களே சரியில்லை என்று பிற்பாடு விமர்சனம் வந்தது. ஆனால் சின்னதாக வரைந்தால் தூரம் என்று பொருள் என்பது கற்றுக்கொள்கிற வழக்கம் என்ற விஷயம் நிற்கிறது. நம் திரையில் இது தலைகீழாக நடக்கும். "எது பெரியது?" என்று கேட்டு, இறாலையும் படகையும் ஒரே அளவுக் கட்டத்தில் வைப்போம். பிள்ளை இறாலைத் தொட்டால் அதன் மேல் என்ன குற்றம்? ஒரு கட்டத்தில் ஒரு பொருள், பின்னணி ஏதுமில்லாமல். அளவு கேட்கிற கேள்வியில் மட்டும் இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டு வாருங்கள்.

நம்பிக்கை: சரியாகத் தொட்டால் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

1959-இல் அமெரிக்காவில் வந்த பீபாடி படச் சொற்சோதனையில் ஒரு சொல்லுக்கு 4 படங்கள். சொல்லைக் கேட்டுப் பிள்ளை விரலால் காட்ட வேண்டும். ஏன் நாலு? ஊகத்தைக் குறைக்க. ஆறு கேள்விக்கு இரண்டிரண்டு படம் வைத்தால், ஒன்றுமே தெரியாமல் தொடுகிற 100 பிள்ளைகளில் சுமார் 34 பேர் நாலு அல்லது அதற்கு மேல் எடுத்துவிடுவார்கள். மூன்று மூன்று படம் வைத்தால் அது 10 பேராகக் குறையும். நாலு படத்தில் இன்னும் குறையும்தான். ஆனால் சின்ன போன் திரையில் நாலு படம் வைத்தால் ஒவ்வொன்றும் சுருங்கும், பிள்ளையின் விரல் பக்கத்துப் படத்தில் படும். படம் ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

சில பிள்ளைகள் எப்போதும் நடுப்படத்தையே தொடும். விடையின் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால்தான் அது தெரியவரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்பதையும் பிள்ளை பார்க்கும். பின்னால் தள்ளி உட்காருங்கள்.

நம்பிக்கை: எழுத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி குரலில் வருகிறது, சரி. ஆனால் குரோம், சஃபாரி போன்ற உலாவிகள், யாரும் திரையைத் தொடும் முன் ஒலியைத் தானாக ஓடவிடுவதில்லை. செய்தவர் தன் கணினியில் சோதித்தபோது கேட்ட குரல், பிள்ளையின் கையில் உள்ள போனில் கேட்காது. மூன்று படங்கள் மௌனமாக நிற்கும், பிள்ளை ஏதோ ஒன்றைத் தொடும், அது தவறான விடையாகப் பதிவாகும். கூகுள் ஃபார்ம்ஸில் விடைகளுக்குப் படம் வைக்கலாம், கேள்விக்கு ஒலிக் கோப்பு சேர்க்க வழியில்லை. சொந்தமாகப் பக்கம் எழுதுகிறவர்கள் முதல் திரையில் பெரிய காது ஒன்றை மட்டும் வைக்கலாம்:

```html
<button onclick="new Audio('q1.mp3').play()">
  <img src="kaadhu.png" alt="">
</button>
```

காதைத் தொட்டதும் கேள்வி ஒலிக்கும். படங்கள் அதற்குப் பிறகு வரட்டும். அந்தக் காது கடைசி வரை மூலையில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை கேள்வியைப் பாதியில் மறந்துவிடும், திரும்பக் கேட்க வழி வேண்டும்.

நம்பிக்கை: கைதட்டலும் வேடிக்கையும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

தவறு என்றால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்தால், அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் தவறாகத் தொடுவார்கள். தவறுக்குச் சத்தம் வேண்டாம். தொட்ட படம் மங்கட்டும், கேள்வி இன்னொரு முறை ஒலிக்கட்டும். பதிவேட்டில் முதல் தொடுதலை மட்டும் எழுதுங்கள்.

பிள்ளைகள் கைக்குக் கொடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். போனின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரிடம் கொடுத்து "ஒன்றைத் தொடு" என்று மட்டும் சொல்லுங்கள். கேள்வியே காதில் விழாமல் முக்கால்வாசிப் பேர் படகைத் தொட்டால், உங்கள் படகு மற்ற இரண்டையும் விடப் பளிச்சென்று இருக்கிறது. வேறு படகு போடுங்கள்.