12 அடி வாசலுக்கு ஏற்ற கேற்

யாழ்ப்பாண ஒழுங்கைகளில் கேற் அமைப்போர், மதில் எழும்பும் முன்பே பின்வருவனவற்றைத் தீர்மானிக்க வேண்டும்.

1. இடத்தை அளக்க. மதிலோரம் நகரும் ஸ்லைடிங் கேற்றுக்கு வாசலின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 14 அடி நேர் மதில் தேவை. அது இல்லையெனில், முற்றத்தில் 6 அடி வெளிவிட்டு உட்புறம் திறக்கும் இரட்டைக் கேற்றைத் தெரிவு செய்க, ஏனெனில் வெளிப்புறம் திறக்கும் கதவு ஒழுங்கையை மறிக்கும்.

2. ஸ்லைடிங் கேற்றாயின், தண்டவாளத்துக்கு அத்திவாரமிடுக. வாசலும் மதிலோரமும் சேர்ந்த 26 அடிக்கும், ஓரடி அகலமும் ஆழமும் கொண்ட கம்பியிட்ட கொங்கிறீட்டை ஒரே தொடராக, நீர்மட்டம் பார்த்து இடுக. ஓரிடம் தாழ்ந்தாலும் கேற் தானாக உருளும். தண்டவாளத்தை முற்றத்திலிருந்து சற்று உயர்த்துக. இல்லையெனில் மாரி மழை அள்ளிவரும் மணல் அதில் படிந்து சில்லை மறிக்கும்.

3. தூணைப் பலப்படுத்துக. இரட்டைக் கேற்றின் முழுப் பாரமும் பிணைச்சல் வழியே தூணை இழுப்பதால், 12 அங்குலச் சதுரக் கொங்கிறீட் தூணில் நான்கு 12 மில்லிமீற்றர் கம்பிகளை இட்டு, பிணைச்சல் தகட்டை வார்ப்புக்கு முன்பே அவற்றோடு பொருத்துக. கதவுகள் சந்திக்கும் முனை தாழ்வது தூண் சாய்வதன் அறிகுறியாகலாம்.

4. மோட்டாருக்கு வழிவிடுக. மின்வயருக்கும், குறுக்கே ஆள் நிற்பதை உணரும் சென்சர் வயருக்கும் தனித்தனி பிவிசி குழாய்களைப் புதைத்து, மோட்டார் மேடையை 6 அங்குலம் உயர்த்துக. அப்போது வெள்ளநீர் அதனை எளிதில் எட்டாது. மின்தடையின்போது கேற்றைக் கையால் திறப்பதற்கு, விடுவிப்புத் திறப்புள்ள மோட்டாரையே வாங்குக.