வார்ட்டுத் தாதியருக்கு ஒரு நன்றிக் கடிதம்: கண்டதை மட்டும் எழுதுவது எப்படி?

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் வைத்தியசாலை வார்ட்டில் இருந்திருக்கலாம். பதுளை போதனா வைத்தியசாலையிலோ தியத்தலாவை, வெலிமடை ஆதார வைத்தியசாலைகளிலோ உங்களைக் கவனித்த தாதியரை வீடு திரும்பிய பிறகும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத விரும்புவோருக்காக இந்தப் பாடம். கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது, யாருக்கு அனுப்பலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

நன்றி எதற்கு?

பலர் நினைப்பது, நோய் குணமானால்தான் நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று. அது அப்படியல்ல. அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டு பற்றிக் பார்ன்ஸ் என்ற இளைஞர் 33 வயதில் வைத்தியசாலையில் இறந்தார். மகனை இழந்த அந்தக் குடும்பம், அவரைப் பராமரித்த தாதியர் காட்டிய அன்புக்கு நன்றி சொல்ல ஒரு வழி தேடியது. அதற்காக அவர்கள் தொடங்கியதுதான் ‘டெய்சி’ விருது. இன்று பல நாடுகளில் நோயாளரும் குடும்பத்தாரும் தாதியரை இந்த விருதுக்குப் பரிந்துரைக்கிறார்கள். நல்ல தாதி என்று எழுதினால் மட்டும் போதாது. அந்தத் தாதி செய்த ஒரு காரியத்தை, நடந்தது நடந்தபடி, கதையாகச் சொல்ல வேண்டும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் குடும்பம் நன்றி சொன்னது குணத்துக்காக அல்ல, தாங்கள் கண்ட பராமரிப்புக்காக. உங்கள் நோயாளி நலமாகத் திரும்பியிருந்தாலும், திரும்பாமலே போயிருந்தாலும், நீங்கள் வார்ட்டில் கண்டதை எழுதலாம். கண்டதை மட்டும் எழுதினால் அந்தக் கடிதத்தை யாரும் மறுக்கவும் முடியாது.

மருத்துவப் பேச்சு ஏன் வேண்டாம்?

பின்வருவது, அவசரத்தில் பலரும் எழுதக்கூடிய ஒரு கடிதம். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, அம்மாவை வார்ட்டில் வைத்திருந்த ஒரு மகள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“உங்கள் தாதியர் எல்லோரும் தெய்வங்கள். மற்ற ஆஸ்பத்திரியில் கைவிட்ட என் அம்மாவை நீங்கள் காப்பாற்றினீர்கள். டொக்டர் வராத நேரத்தில் ஒரு மிஸ் தானே முடிவெடுத்து ஊசி போட்டார். அதனால்தான் அம்மா உயிரோடு இருக்கிறார். இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் வர வேண்டும்.”

இதை எழுதிய மகளின் நெஞ்சு நிறைந்த நன்றியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடிதத்தில் மூன்று கெடுதல்கள் இருக்கின்றன.

முதலாவது, அது அந்தத் தாதிக்கே வினையாகலாம். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று தீர்மானிப்பது டொக்டர். தாதி அந்தக் கட்டளையின்படி கொடுக்கிறார். டொக்டர் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், அல்லது முன்பே எழுதி வைத்திருக்கலாம். கட்டிலருகே நின்ற மகளுக்கு அது தெரிய வழியில்லை. “தானே முடிவெடுத்து ஊசி போட்டார்” என்ற வரியை நிர்வாகத்தில் ஒருவர் வாசித்தால், பாராட்டு மறந்துபோய், “கட்டளை இல்லாமல் ஏன் கொடுத்தீர்கள்?” என்று அந்தத் தாதியிடம் விளக்கம் கேட்கும் நிலை வரலாம்.

இரண்டாவது, அம்மா பிழைத்தது எதனால் என்று மகளால் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்து, சத்திரசிகிச்சை, உடலின் பலம் என்று பல காரணங்கள் இருக்கும். இந்த வரியை நம்பி, அதே நோயுள்ள இன்னொரு குடும்பம் தாங்கள் பெற்றுவரும் சிகிச்சையை விட்டுவிட்டு வரலாம். அதே வார்ட்டில் தன் தகப்பனை இழந்தவர் இதை வாசித்தால், அவர் மனம் என்ன பாடுபடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

மூன்றாவது, நன்றிக் கடிதங்களை வார்ட்டுச் சுவரில் ஒட்டி வைப்பதும் உண்டு. அம்மாவின் பெயரும் நோயின் பெயரும் அதில் இருந்தால், தோட்டத்தில் இருந்து கிளினிக்குக்கு வரும் அத்தனை பேரும் அதை வாசிப்பார்கள். அது அம்மா விரும்பும் காரியமா என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.

“தெய்வங்கள்” என்ற சொல்லில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அது யாருக்குச் சேரும்? வார்ட்டில் காலை, மாலை, இரவு என்று முறை மாறி மாறிப் பலர் வேலை செய்கிறார்கள். எல்லோரையும் தெய்வம் என்றால், அந்த ஒருவர் செய்த ஒரு காரியம் அதற்குள் காணாமல் போய்விடும்.

இரண்டு கேள்விகள்

நீங்கள் எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. இதை நான் என் கண்ணால் கண்டேனா, காதால் கேட்டேனா?
2. இது உண்மை என்று காட்ட ஒரு டொக்டரின் சான்று வேண்டுமா?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் பதில் வந்தால் அந்த வசனம் இருக்கலாம். “இரவில் மூன்று தடவை வந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தார்” என்பது நிற்கும். “அதனால்தான் புண் வரவில்லை” என்பது நிற்காது. நோயின் பெயர், மருந்தின் பெயர், இரத்தப் பரிசோதனை முடிவு, “காப்பாற்றினார்”, “கைவிட்டார்கள்” போன்ற சொற்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும்.

விபரங்களைச் சேர்த்தல்

கடிதம் சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டுமானால் வார்ட்டு இலக்கமும் திகதியும் தேவை. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டையில் இவை இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். ஆனால் அட்டையின் பிரதியைக் கடிதத்தோடு இணைக்க வேண்டாம். அதில் நோய் விபரம் இருக்கிறது. அட்டை மண்ணிலோ வெள்ளத்திலோ போய்விட்டதென்றால், கிளினிக் கொப்பியைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாதத்தையும், ஆண்கள் வார்ட்டா பெண்கள் வார்ட்டா என்பதையும் எழுதினால் போதும்.

தாதியின் பெயர் அவர் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டியில் இருக்கும். பெயர் நினைவில்லாவிட்டால் அவர் எந்த நேர வேலையில் நின்றார் என்று எழுதுங்கள். இரவு வேலை பொதுவாக மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். திகதியும் நேரமும் இருந்தால், அன்று யார் நின்றார்கள் என்று வேலைப் பட்டியலைப் பார்த்து வார்ட்டுச் சிஸ்டரால் கண்டுபிடிக்க முடியும். தோற்றத்தையோ இனத்தையோ அடையாளமாக எழுத வேண்டாம்.

உங்கள் முகவரியில் ஒரு கவனம் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது அங்கிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்படிப் பழைய லயம் இல்லாமல் போனவர்கள், வார்ட்டில் பதிந்த பழைய முகவரியையும் இப்போதைய முகவரியையும் சேர்த்தே எழுதுங்கள். பதில் வந்தால் அது இப்போதைய வீட்டுக்கு வரவேண்டும் அல்லவா?

திருத்திய கடிதம்

அதே மகள், இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்த பிறகு எழுதும் கடிதம் இப்படி அமையும்:

“பணிப்பாளர் அவர்களுக்கு,

என் அம்மா சென்ற மாதம் 4 ஆம் திகதி முதல் 11 ஆம் திகதி வரை உங்கள் வைத்தியசாலையின் பெண்கள் வார்ட்டில் இருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. 5 ஆம் திகதி இரவு வேலையில் நின்ற தாதி, பார்வையாளர் நேரம் முடிவதற்கு முன் என்னிடம் வந்து, ‘நோகுதா’, ‘தண்ணி வேணுமா’, ‘வெளிக்குப் போகணுமா’ என்ற மூன்றையும் கேட்டு, சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் நான் போனபோது அந்தத் துண்டு அம்மாவின் கட்டிலருகே ஒட்டியிருந்தது. காலை வேலைக்கு வந்த தாதியும் அதைப் பார்த்துத்தான் அம்மாவிடம் பேசினார். ‘ராவு முழுக்க என்னைய கேட்டுக் கேட்டுப் பார்த்துச்சு’ என்று அம்மா சொன்னார். எங்கள் வீடு இல்லாத அந்த நாட்களில், அம்மா தனியாக இல்லை என்ற நிம்மதி எனக்கு அதனால் கிடைத்தது. இந்தக் கடிதத்தை அந்தத் தாதிக்குக் காட்டும்படியும், அவருடைய கோவையில் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் நோயின் பெயர் இல்லை. குணமானதா இல்லையா என்பதும் இல்லை. ஆனாலும் அந்தத் தாதி யார், என்ன செய்தார், அதனால் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பது தெளிவாக இருக்கிறது. “நிம்மதி கிடைத்தது” என்பது மகளின் சொந்த உணர்வு. அதற்கு டொக்டரின் சான்று தேவையில்லை. இன்னொரு பயனும் உண்டு. அந்தத் துண்டின் கதையை வாசிக்கும் வேறொரு வார்ட்டுச் சிஸ்டர், தன் வார்ட்டிலும் அப்படி ஒரு துண்டை ஒட்டி வைக்கலாம். “தெய்வங்கள்” என்று எழுதிய கடிதத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

அனுப்புதல்

பெரிய வைத்தியசாலை என்றால் பணிப்பாளருக்கும், ஆதார வைத்தியசாலை என்றால் மருத்துவ அத்தியட்சகருக்கும் முகவரியிட்டு, ஒரு பிரதியை வார்ட்டுச் சிஸ்டருக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதலாம். தமிழ் நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தத் தாதி தானே வாசிக்க வேண்டும் என்று விரும்பினால், சிங்களம் தெரிந்த பிள்ளையைக் கொண்டு கீழே ஒரு சிங்களப் பிரதியும் எழுதலாம். குறுகிய வசனங்களாக இருந்தால் மாற்றி எழுதுவது சுலபம்.

கடிதத்தோடு பணமோ பொருளோ வைக்க வேண்டாம். அரச ஊழியர் தம் கடமைக்காக அவற்றைப் பெறுவது இலஞ்சமாகக் கொள்ளப்படலாம். நீங்கள் நன்றி சொல்ல நினைத்தவரே சிக்கலில் மாட்டுவார். வேறொருவர் மேல் முறைப்பாடு இருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் அதிகாரி முறைப்பாட்டைத்தான் பார்ப்பார். நன்றி ஓரத்தில் கிடக்கும்.

பயிற்சி

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கத்தில், வார்ட்டில் உங்களுக்கு நினைவிருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு இரண்டு கேள்விகளையும் கேட்டு, அவற்றில் நிற்கும் வசனங்களை மட்டும் வலது பக்கத்துக்கு மாற்றுங்கள். வலது பக்கத்தில் ஒரேயொரு சம்பவம் மிஞ்சினாலும் போதும். அதற்குத் திகதியும் வார்ட்டும் சேர்த்தால் உங்கள் கடிதம் தயார்.