கண்ணுக்குத் தெரியாத எழுத்து

நுழையும்முன்

நிரல் தரும் விடை சரியாக இருந்தும், தானியங்கி மதிப்பீட்டு நிரல் அதைத் தவறு என்று தள்ளுவதுண்டு. விடையைச் சுற்றியுள்ள இடைவெளியும் வரிமுடிவும் அதற்குக் காரணமாகலாம். அவற்றைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மன்னார்குடிப் பகுதியில் உள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு மூன்று உழவர்கள் முறையே 25, 40, 32 மூட்டை நெல் தருகின்றனர். ஒரு மூட்டையின் எடை 40 கிலோ. ஒவ்வொருவரும் தந்த நெல்லின் எடையை ஒரே வரியில், இடைவெளி விட்டு அச்சிட வேண்டும். மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் இவ்வாறு எழுதுகிறாள்:

```python
n = [25, 40, 32]
for x in n:
    print(x * 40, end=" ")
```

திரையில் 1000 1600 1280 என்று தெரிகிறது. கணக்கில் பிழையில்லை. ஆயினும் மதிப்பீட்டு நிரல் ஏற்க மறுக்கிறது. ஏன்?

அந்நிரல் எண்களின் பொருளை அறியாது. தன்னிடமுள்ள விடைக்கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பன்னிரண்டு இலக்கங்களும் அவற்றிடையே இரண்டு இடைவெளிகளும் இரு பக்கமும் ஒன்றே. பதினைந்தாம் எழுத்தில்தான் வேறுபாடு. விடைக்கோப்பில் அங்கே வரிமுடிவுக் குறி உள்ளது. அதன் குறியெண் 10. மாணவியின் நிரலோ ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் இடைவெளியை இடுவதால், கடைசி எண்ணுக்குப் பின்னும் இடைவெளி வந்துவிட்டது. அதன் குறியெண் 32. இரண்டும் கண்ணுக்குத் தெரியா.

இதனை அறியாதவர் சரியான கணக்கையே மாற்றி, உள்ளதையும் கெடுத்துக்கொள்வர். லினக்சில் பின்வரும் கட்டளை, மறைந்திருப்பதைக் காட்டிவிடும்:

```
python3 nel.py | cat -A
```

வரி முடியுமிடத்தில் `$` தோன்ற வேண்டும். அது தோன்றாவிடில் வரிமுடிவு இல்லை. எண்ணுக்கும் `$` குறிக்கும் நடுவே வெளி இருந்தால் மிகை இடைவெளி உள்ளது.

திருத்தம் எளிது. இடைவெளி எண்களுக்கு இடையே வர வேண்டுமேயன்றி, ஒவ்வொன்றின் பின்னும் அன்று.

```python
print(*[x * 40 for x in n])
```

இங்கு `print` எண்களுக்கிடையே மட்டும் இடைவெளி இட்டு, இறுதியில் வரிமுடிவைத் தானே சேர்க்கிறது.

எல்லா மதிப்பீட்டு நிரல்களும் இவ்வளவு கண்டிப்பானவையல்ல. ஏழு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் நிரலாக்கப் பயிற்சிகளில், இத்தகைய விடைக்கு `Passed after ignoring Presentation Error` என்னும் செய்தி தோன்றுவதுண்டு. இடைவெளி வேறுபாட்டைப் பொறுத்து விடையை ஏற்றோம் என்பது அதன் பொருள். ஆனால், விண்மீன் குறிகளால் முக்கோணம் வரையும் வினாவில் இடைவெளியே விடையின் பகுதி. அங்கே இச்சலுகை பொருந்தாது. “எண்ணைத் தருக” என்பது போன்ற மிகைச் சொற்களை அச்சிட்டாலும் சலுகை கிட்டாது.

கற்பவை கற்றபின்…

முதல் நிரலின் இறுதியில், மடக்குக்கு வெளியே `print()` என்னும் வரியைச் சேர்த்தால் வெளியீட்டில் எத்தனை எழுத்துகள் இருக்கும்? கண்டிப்பான ஒப்பீட்டில் அது ஏற்கப்படுமா? காரணம் தருக.