உத்தரவுக் கடிதம் தபாலுக்குச் செல்லுமுன்

சங்க ஊழியர்களுக்கு நாம் அனுப்பும் கடிதங்களுள் ஆண்டுச் சம்பள உயர்வு உத்தரவில் பிழை எளிதில் புகுந்துவிடுகிறது. அதை நாம் புதிதாக எழுதுவதில்லை. சென்ற ஆண்டுக் கடிதத்தையே கணினியில் திறந்து, வேண்டிய இடங்களை மாற்றுகிறோம். மாற்ற மறந்தவை பழைய உருவிலேயே நின்றுவிடுகின்றன.

ஆதலின் இருவர் கூடிச் சரிபார்ப்பதே நலம். ஒருவர் பணிப்பதிவேட்டை உரக்கப் படிக்க, மற்றவர் கடிதத்தில் விரல் வைத்துப் பார்த்து வரவேண்டும். எழுதியவரே தனியாகப் படித்தால், தாம் எழுத எண்ணியதையே அவர் கண் காணும்.

முதலில் பெயர். லட்சுமி என்ற பெயருடையார் இருவர் இருப்பின், தலைப்பெழுத்தோடு ஊழியர் எண்ணையும் ஒப்பிட வேண்டும். மேலே முகவரியில் ஒரு பெயரும், உள்ளே வாசகத்தில் சென்ற கடிதத்துப் பெயரும் இருத்தல் உண்டு. பெயர் வரும் இடந்தோறும் பார்க்க.

தொகையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு சங்கத்தின் எழுத்தர் சம்பள விகிதம் 18,000–500–23,000–600–29,000 என்று கொள்வோம். சென்ற ஆண்டு 22,500லிருந்து 500 ரூபாய் உயர்ந்து 23,000 ரூபாய் பெற்றவருக்கு, இவ்வாண்டும் 500 சேர்த்து 23,500 என்று எழுதிவிடுகிறார்கள். 23,000ஐ எட்டியபின் உயர்வு 600 என்பதால், சரியான தொகை 23,600. குறைவு நூறு ரூபாயோடு நிற்பதில்லை. அடிப்படைச் சம்பளத்தின் விழுக்காடாகக் கணக்கிடும் பஞ்சப்படியும் வைப்புநிதிப் பிடித்தமும் அதனோடு குறையும். வரைவோடு ஒப்பிட்டால் இப்பிழை தெரியாது, வரைவே தவறாதலால். பதவித்தரத்தையும் அதற்குரிய விகிதத்தையும் பதிவேட்டில் பார்த்துப் புதிதாகக் கூட்டினால்தான் அகப்படும். இலக்கத்தைத் திருத்தியவர் எழுத்தாலான தொகையைத் திருத்தாமல் விடுவதும் வழக்கமே.

தேதிகள் இரண்டு: உத்தரவு பிறந்த நாள், உயர்வு நடைமுறைக்கு வரும் நாள். இரண்டாவதே பணத்தைத் தீர்மானிப்பது. ஊழியர் சம்பளமில்லா விடுப்பில் இருந்திருந்தால், சங்க விதிப்படி உயர்வுநாள் தள்ளிப்போகுமா என்பதை விடுப்புக் கணக்கில் பார்த்தே எழுதவேண்டும். ஜனவரியில் தட்டச்சாகும் கடிதங்களில் பழைய ஆண்டு எட்டிப்பார்ப்பதை நாம் அறிவோம்!

கடைசியில் கையெழுத்து. கடிதம் தயாரான நாளுக்கும் ஒப்பமிடும் நாளுக்குமிடையே செயலாளர் மாறியிருக்கலாம். அடியில் முன்னவர் பெயர் அச்சாகி, மேலே புதியவர் ஒப்பம் விழும். அன்றியும், நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டிய பதவி உயர்வு போன்றவற்றில் தீர்மான எண்ணும் நாளும் குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று நோக்குக. பிழை கண்டால் பேனாவால் அடித்துத் திருத்தாமல், கடிதத்தை மறுபடி அச்சிட்டு, அலுவலகப் பிரதியையும் மாற்றி வைக்கவேண்டும். உறையின் மேலுள்ள பெயரை, கடிதத்தை உள்ளே மடித்து வைக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுக.