கவுன்ட்டரில் ஆள் இல்லாத அரை மணி நேரம்: இ-சேவை மையப் பணியாளர்களுக்கு ஒரு சின்னப் பாடம்

காலை பத்து மணிக்கு மையத்தின் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒரு மணி வரை தலை நிமிர நேரம் இருக்காது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டே கால் மணி வாக்கில், திடீரென்று நாற்காலிகள் எல்லாம் காலியாகிவிடும். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த நேரம் தெரியும். கை தானாகவே செல்போனைத் தேடும். அதில் தப்பொன்றும் இல்லை, ஐந்து நிமிடம் கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்தான். மீதி இருக்கும் இருபத்தைந்து நிமிடத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

செய்ய எத்தனையோ வேலை இருக்கும். பிரிண்டரில் தாள் வைக்கலாம், மேசையைத் துடைக்கலாம். ஆனால் மக்களுக்கு நேரடியாகப் பலன் தரும் வேலை ஒன்று உண்டு: போன வாரம் நீங்கள் அனுப்பிய விண்ணப்பங்களில் எவை திரும்பி வந்திருக்கின்றன என்று பார்ப்பது.

திரும்பி வந்தது யாருக்குத் தெரியும்?

வருவாய்த் துறைச் சான்றிதழுக்கான விண்ணப்பம் உங்கள் மையத்திலிருந்து கிளம்பி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகிறது. வழியில் யாருக்காவது ஆவணம் தெளிவாக இல்லை, அல்லது ஒன்று குறைகிறது என்று தோன்றினால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும். திரையில் Returned என்று காட்டும். இது Rejected இல்லை. நிராகரிக்கப்பட்டால் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டதற்கு, கேட்டதைச் சேர்த்து அதே விண்ணப்ப எண்ணிலேயே பதில் அனுப்பலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் தகவல் விண்ணப்பதாரருக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. அதுவும் CAN எண் பதிவில் இருக்கும் செல்போனுக்கு. மூன்று வருடம் முன்னால் அப்பாவின் பழைய சிம்மில் பதிவு செய்த CAN என்றால், அந்தச் செய்தி யார் கைக்கும் போகாது. விண்ணப்பித்தவர் 'இன்னும் வரலையே' என்று காத்திருப்பார். அலுவலகத்தில் 'பதில் வரலையே' என்று அவர்களும் காத்திருப்பார்கள். நடுவில் விண்ணப்பம் சும்மா கிடக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு

ஜூன் மாதம் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி, பொறியியல் கலந்தாய்வுக்காக முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு உங்கள் மையத்தில் விண்ணப்பித்திருக்கிறார். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கான சான்று அது. அது இருந்தால் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆகவே இந்தச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதைக் காட்டும் மாற்றுச் சான்றிதழ்களும், அதாவது டி.சி.யும், முக்கியம்.

மதியம் நீங்கள் லாகினைத் திறந்து பார்க்கிறீர்கள். அந்த விண்ணப்பம் நான்கு நாள் முன்பே திரும்பி வந்திருக்கிறது. குறிப்புரையில் 'அண்ணனின் டி.சி. படிக்க முடியவில்லை' என்ற பொருளில் ஒரே வரி. நீங்கள் பதிவேற்றிய கோப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். சரிதான், பிறந்த தேதியும் வகுப்பும் இருக்கும் வரிகள் சாம்பல் கோடாகத் தெரிகின்றன. மாணவி மேல் தவறில்லை, அவர் அசலைத்தான் கொண்டுவந்தார். ஸ்கேன்தான் கெட்டுவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அவருக்குப் போன் செய்வது. இரண்டு, இன்னொருவருக்கு இப்படி ஆகாமல் ஸ்கேனரைச் சரி செய்வது.

போனில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது

தெரியாத எண்ணிலிருந்து 'உங்க சான்றிதழ் விஷயமா பேசுறேன்' என்றால் இன்றைக்கு யாரும் நம்பத் தயங்குவார்கள். தயங்குவதும் நல்லதுதான். அதனால் முதலில் நீங்கள் யார் என்பதை அவர்கள் சரிபார்க்க வழி கொடுங்கள்.

"வணக்கம்மா, இ-சேவை மையத்துலேர்ந்து பேசுறேன். போன வாரம் உங்க பொண்ணுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் போட்டோம்ல, கையில ஒப்புகைச் சீட்டு இருக்கா? அதுல கடைசி நாலு எண்ணை நான் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க."

எண்ணை நீங்கள் சொல்ல வேண்டும், அவர்களைச் சொல்லச் சொல்லக் கூடாது. பிறகு என்ன குறை, எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "பையனோட ஒரிஜினல் டி.சி. எடுத்துட்டு நாளைக்குக் காலையில வாங்க. வேற எதுவும் வேண்டாம்." அவ்வளவுதான். போனில் ஓ.டி.பி. கேட்கவே கூடாது. ஆதார் எண் கேட்கக் கூடாது. 'வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புங்க' என்பதும் வேண்டாம். செல்போன் படத்தில் நிழல் விழும், அதுவே இன்னொரு முறை திரும்பி வரக் காரணமாகிவிடும். செல்போன் எண் மாறியிருந்தால், அவர் நேரில் வரும்போது CAN பதிவிலும் மாற்றிக்கொடுங்கள்.

எல்லாக் குறையையும் மையத்தில் தீர்க்க முடியாது. விண்ணப்பதாரர் நேரில் விசாரணைக்கு வர வேண்டும் என்று குறிப்புரை சொன்னால், மறுபடி ஸ்கேன் செய்து பயனில்லை. 'வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்க' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியமே அவருக்கு ஒரு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஸ்கேன் ஏன் கெட்டது?

தளத்தில் ஒரு ஆவணத்துக்கு 200 கே.பி. வரைதான் இடம். புகைப்படத்துக்கு 50 கே.பி. பல மையங்களில் நடப்பது என்னவென்றால், டி.சி.யை 300 டி.பி.ஐ. கலரில் ஸ்கேன் செய்வார்கள். கோப்பு அளவுக்கு மீறிப் பெரிதாக வரும். உடனே ஏதாவது ஒரு இலவச இணையதளத்தில் போட்டு 200 கே.பி.க்கு நசுக்குவார்கள். எழுத்து கரைந்துவிடும். ஒரு குடும்பத்தின் ஆவணமும் யாரென்றே தெரியாத தளத்துக்குப் போய்விடும்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு ஏ4 தாள் 300 டி.பி.ஐ.யில் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 150 டி.பி.ஐ.யில் சுமார் 22 லட்சம், அதாவது கால் பங்கு. அதே 200 கே.பி.யை 87 லட்சம் புள்ளிகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் மிகக் கொஞ்சமே கிடைக்கும். 22 லட்சத்துக்குப் பங்கு போட்டால் தாராளமாகக் கிடைக்கும். கலருக்குப் பதில் Grayscale வைத்தால் இன்னும் மிச்சம். ஆகவே அச்சடித்த சான்றிதழுக்கு 150 டி.பி.ஐ., Grayscale போதும்.

கையெழுத்து ரொம்பப் பொடியாக இருந்தால் 200 டி.பி.ஐ.க்கு ஏற்றி, ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை போன்ற சின்ன அட்டைகளுக்கு முழுத் தட்டையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். அட்டை இருக்கும் இடத்தை மட்டும் தேர்வு செய்தால், 300 டி.பி.ஐ. வைத்தாலும் ஏழு லட்சம் புள்ளிகளுக்குள் முடிந்துவிடும். எழுத்தும் தெளிவாக வரும்.

காலியான நேரத்தில் இதைச் சோதிக்க மக்கள் ஆவணம் தேவையில்லை. உங்களுடைய பழைய டி.சி. ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்கேனர் கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் கண்ணாடியில் தூசு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். பிறகு 150 டி.பி.ஐ., Grayscale, JPEG என்று வைத்து ஸ்கேன் செய்து, கோப்பை 100 சதவீத அளவில் திறந்து, மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, முத்திரைக்குள் இருக்கும் பள்ளியின் பெயர் இந்த மூன்றும் படிக்க முடிந்தால் அமைப்பு சரி. முத்திரை மங்கினால் Contrast கொஞ்சம் ஏற்றுங்கள். திருப்தியானதும் 'ஏ4', 'அட்டை' என்று இரண்டு புரொஃபைலாகச் சேமித்துவிடுங்கள். Windows Fax and Scan-இலேயே இந்த வசதி இருக்கிறது. அடுத்த நாள் காலை கூட்டத்தில் ஒரு கிளிக்தான்.

எந்த வரிசையில் செய்வது?

நடுவில் யாராவது வந்துவிட்டால் பாதியில் விடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். எனவே முதலில் Returned பட்டியலைப் பாருங்கள், பத்து விண்ணப்பம் பார்க்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு நோட்டில் விண்ணப்ப எண்ணின் கடைசி நாலு இலக்கம், என்ன குறை, என்றைக்குப் போன் செய்தீர்கள் என்று மூன்றே கட்டம். ஆதார் எண்ணோ முகவரியோ அதில் எழுத வேண்டாம். ஸ்கேனர் சோதனையை இன்னொரு நாள் மதியம் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்த ஸ்கேன் கோப்புகள் டெஸ்க்டாப்பில் கிடந்தால், Recycle Bin உட்பட அழித்துவிடுங்கள்.

ஒரு வேலையை மட்டும் காலி நேரத்தில் செய்யாதீர்கள்: விண்ணப்பதாரர் இல்லாமல் அவர் விவரங்களைத் திருத்துவது. 'ஸ்பெல்லிங்தானே, நாமே மாத்திடலாம்' என்று தோன்றும். அந்த எழுத்து அவருடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்க வேண்டும். அதை அவர் எதிரில் வைத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

நோட்டை ஒரு மாதம் எழுதிவிட்டு 'என்ன குறை' என்ற கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 'தெளிவில்லை' என்பது அடிக்கடி வந்தால் ஸ்கேனரைப் பாருங்கள். 'ஆவணம் குறைவு' என்பது அடிக்கடி வந்தால், எந்தச் சான்றிதழுக்கு எது வேண்டும் என்ற பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். அந்த மாணவியின் அம்மா நாளைக் காலை டி.சி.யோடு வருவார். அவரை வரிசையில் நிற்க வைக்காமல் முதலில் முடித்து அனுப்புங்கள்.